அட்டை எண்ணை இரண்டு முறை கேட்டிருந்தால், முதலில் கேட்டது நாங்கள் அல்ல

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இயங்கும் எங்கள் சேலைக் கடையின் இணையத்தளத்தில், அக்டோபர் 3 முதல் 14 வரை கிரெடிட் கார்டு அல்லது டெபிட் கார்டு மூலம் பணம் செலுத்திய வாடிக்கையாளர்கள் தங்கள் அட்டையை உடனே முடக்கிவிட்டுப் புதிய அட்டை கேட்டு வாங்கும்படி வேண்டுகிறோம். அந்த நாள்களில் எங்கள் பணம் செலுத்தும் பக்கத்தில் வேறொருவரின் நிரல் புகுத்தப்பட்டிருந்தது.

நடந்ததை பட்டர்வொர்த் வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவத்தைக் கொண்டே விளக்கலாம். அவர் 178 ரிங்கிட்டுக்கு இரண்டு காட்டன் சேலைகளைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும், அட்டை எண், காலாவதித் தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்கம் ஆகியவற்றைக் கேட்கும் படிவம் ஒன்று தோன்றியது. அவர் நிரப்பி அனுப்பியபோது 'பணம் செலுத்துவதில் பிழை, மீண்டும் முயலவும்' என்று காட்டியது. மறுமுறை அழுத்தியதும் கட்டணச் சேவை நிறுவனத்தின் உண்மையான பக்கம் திறந்தது. அங்கே மீண்டும் விவரங்களைத் தந்து, வங்கிச் செயலியில் ஒப்புதலும் அளித்தார். பணம் ஒரு முறைதான் கழிந்தது, சேலையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆகவே அவருக்குச் சந்தேகம் எழ வழியே இல்லை. சில நாள் கழித்து வெளிநாட்டு வணிகர் ஒருவர் பெயரில் மிகச் சிறிய தொகை ஒன்று கழிந்தது. அட்டை வேலை செய்கிறதா என்று திருடர்கள் சோதித்துப் பார்க்கும் முறை அது. அன்றிரவே 1,460 ரிங்கிட் போனது. ஒப்புதல் கேட்காமல், அட்டை விவரங்களை மட்டுமே வைத்துப் பணம் எடுக்கும் வெளிநாட்டு வணிகர்கள் இன்னும் இருப்பதால்தான் இது நடக்கிறது.

அவர் எங்களுக்கு அனுப்பிய திரைப்பிடிப்பில்தான் உண்மை வெளிப்பட்டது. படிவம் நிற்கும் பக்கத்தின் மேலே, முகவரிப் பட்டையில், எங்கள் கடையின் முகவரி இருந்தது. எங்கள் தளத்தில் அட்டை எண் கேட்கும் படிவமே கிடையாது. பொத்தானை அழுத்தினால் நேரே கட்டணச் சேவை நிறுவனத்தின் முகவரிக்குச் செல்ல வேண்டும். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தபோது, பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கிடும் சேவையைப் போலப் பெயர் சூட்டிக்கொண்ட முகவரி ஒன்றிலிருந்து ஒரு நிரல் வரி ஏற்றப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் தட்டச்சு செய்தவை அனைத்தையும், படக்கோப்பு ஒன்றைக் கேட்பதுபோல் பாவனை செய்து, அந்த வரி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

தளத்தைப் பராமரிக்க நாங்கள் ஒரு நிறுவனத்துக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்தி வந்தோம். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதாக ஒவ்வொரு ரசீதிலும் எழுதியிருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தால் ஓராண்டுக்கும் மேலாக எதுவுமே புதுப்பிக்கப்படவில்லை. அங்கிருந்து விலகிப்போன ஊழியர் ஒருவரின் நிர்வாகிக் கணக்கும் திறந்தே கிடந்தது. அதன் வழியாகத்தான் அந்த வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. பிழைச் செய்தி வருகிறது என்று முதல் வாடிக்கையாளர் முறையிட்டபோதே அவர்களிடம் கேட்டோம். வங்கிப் பக்கத்தில் நெரிசல், உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழிக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த பிறகும் அட்டைகள் களவுபோயின என்பதுதான் எங்களை அதிகம் வேதனைப்படுத்துகிறது. ஆயினும் சட்டப்படி வாடிக்கையாளரின் தரவுக்குப் பொறுப்பு எங்களுடையது. 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தகவல் தந்துவிட்டோம்.

எஃப்.பி.எக்ஸ் வழியாகச் செலுத்தியவர்களின் வங்கிக் கடவுச்சொல் கசியவில்லை. அது வங்கியின் சொந்தப் பக்கத்தில் தரப்படுவது, எங்கள் பக்கத்தில் ஒளிந்திருந்த நிரலால் அதைப் படிக்க முடியாது. ஆனால் பெயர், கைத்தொலைபேசி எண், முகவரி, வாங்கிய பொருள் ஆகியவை எங்கள் பக்கத்திலேயே நிரப்பப்படுவதால், எப்படிச் செலுத்தியிருந்தாலும் அவை போயிருக்கும் என்றே கொள்ளுங்கள்.

அட்டையில் செலுத்தியவர்களுக்குக் கடவுச்சொல்லையோ PIN எண்ணையோ மாற்றுவதால் பயனில்லை, அட்டை எண்ணே மாற வேண்டும். டெபிட் கார்டு வைத்திருப்போர் சற்றும் தாமதிக்க வேண்டாம், ஏனெனில் அதில் போவது கணக்கிலுள்ள சொந்தப் பணம். தெரியாத தொகை ஏற்கனவே கழிந்திருந்தால் வங்கியின் அவசர எண்ணையோ, மோசடிப் புகாருக்கான 997 எண்ணையோ அழைத்துவிட்டு, போலீஸ் புகாரும் செய்யுங்கள். கிரெடிட் கார்டாக இருந்தால் அந்தத் தொகையை மறுத்து வங்கியிடம் எழுத்துபூர்வமாகக் கொடுங்கள்.

இன்னொன்றையும் எதிர்பார்க்கிறோம். நீங்கள் வாங்கிய சேலையின் நிறம் வரை சொல்லி, பிழையால் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டோம், திருப்பித் தருகிறோம் என்று யாராவது அழைக்கக்கூடும். அந்தப் போலிப் படிவம் உங்களிடமிருந்து எந்தத் தொகையையும் எடுக்கவில்லை. ஆகவே திருப்பித் தருவதற்கும் எதுவும் இல்லை. எங்கள் கடையிலிருந்து இது தொடர்பாக யாரும் தொலைபேசியில் அழைக்க மாட்டார்கள்.

வெளியார் ஒருவர் தளத்தை முழுமையாகச் சோதித்து முடிக்கும்வரை அட்டைக் கட்டணத்தை மூடி வைத்திருக்கிறோம். தீபாவளிக்காகப் பணம் கட்டிய சேலைகள் வழக்கம்போல் அனுப்பப்படும். வேண்டாம் என்போர் கொள்முதல் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினால், செலுத்திய வழியிலேயே முழுத் தொகையும் திரும்ப வரும்.