மேலாளருக்கு ரிடென்ஷன் காட்ட ஹீட்மேப்பா, கோட்டு வரைபடமா?

ரிடென்ஷன், அதாவது சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்றதும் நாம் எல்லாரும் எடுப்பது, ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு குழுவாக்கி நிறத்தால் காட்டும் கோஹார்ட் ஹீட்மேப்தான். சேர்ந்த மாதத்துக்கு ஒரு வரிசை, எத்தனையாவது மாதம் என்பதற்கு ஒரு நெடுவரிசை, கட்டத்துக்குள் சதவீதம். தரவில் தினமும் புழங்குபவருக்கு இது அருமையான படம். இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரு மாதத்தில் சேர்ந்தவர்கள் எப்படிக் குறைகிறார்கள் என்று தெரியும், மேலிருந்து கீழே படித்தால் புதியவர்கள் பழையவர்களைவிட நன்றாகத் தங்குகிறார்களா என்று தெரியும். ஆனால் இதை ஸ்லைடில் போட்டால் மேலாளரின் கண் நேராக வலது கீழ் மூலைக்குப் போகும், "இங்கே ஏன் காலியாக இருக்கிறது?" என்பார். அந்த மாதங்கள் இன்னும் வரவே இல்லை என்று விளக்குவதிலேயே நேரம் போய்விடும். அதனால் ஹீட்மேப்பைக் கடைசி ஸ்லைடுக்குத் தள்ளிவிட்டு, முன்னால் கோட்டு வரைபடம் வைப்பதே என் தேர்வு.

ஒரு ஆப்பில் ஏப்ரல் தொடக்கத்தில் பதிவுப் பக்கத்தை மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் சேர்ந்த 1,000 பேரில் அடுத்த மூன்று மாதங்களில் முறையே 400, 280, 250 பேர் ஆப்பைத் திறந்தார்கள். ஏப்ரலில் சேர்ந்த 1,200 பேரில் 540, 420, 396. ஆள் கணக்கை அப்படியே வரைந்தால் ஏப்ரல் சும்மாவே மேலே நிற்கும், அதனால் சதவீதமாக்குங்கள்: 40, 28, 25 ஒரு பக்கம், 45, 35, 33 மறுபக்கம். ஜனவரிக்குச் சாம்பல் கோடு, ஏப்ரலுக்கு அழுத்தமான நிறம், பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதிவிடுங்கள். தலைப்பில் "ரிடென்ஷன் ஒப்பீடு" என்று போடாமல் "ஏப்ரலில் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் 3 மாதம் கழித்தும் வருகிறார், ஜனவரியில் நாலில் ஒருவர்தான்" என்று சொல்லிவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் கோடுகளையும் மங்கலாகப் பின்னால் விடவேண்டும், இல்லாவிட்டால் நமக்குச் சாதகமான இரண்டு மாதத்தை மட்டும் பொறுக்கியது போல ஆகிவிடும். ஏப்ரலில் விளம்பரமும் மாறியிருந்தால் பதிவுப் பக்கத்துக்கு மட்டும் பெருமை கொடுக்க முடியாது, அதையும் சொல்லுங்கள்.

டிராஃபிக், அதாவது எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைக் காட்ட நாள்வாரிக் கோட்டைவிட வாரவாரிப் பட்டை நல்லது. நாள்வாரிக் கோடு ஒவ்வொரு ஞாயிறும் சரியும், ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு கேள்வி வரும். பட்டை பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். புதன்கிழமை மீட்டிங் என்றால் முடியாத வாரத்தை வெட்டிவிடுங்கள், அரை வாரப் பட்டை வீழ்ச்சி மாதிரியே தெரியும். இன்னொன்று, ஏழு நாள் பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டி வாரக் கணக்கு போடக் கூடாது: மூன்று நாள் வந்தவர் மூன்று பேராகிவிடுவார். சர்வர் ஒருநாள் படுத்ததைக் காட்ட மட்டும் நாள்வாரிக் கோட்டுக்குத் திரும்புங்கள், வாரப் பட்டைக்குள் அது மறைந்துவிடும்.

ரிடென்ஷன், டிராஃபிக் இரண்டையும் ஒரே படத்தில், இடப்பக்கம் ஒரு அளவுகோல் வலப்பக்கம் ஒன்று என்று போடவே வேண்டாம். அளவுகோலைச் சற்று மாற்றினாலே கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் நகர்ந்துவிடும், மேலாளரோ அந்த இடத்தைக் காட்டித்தான் "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்பார். தனித்தனி ஸ்லைடு போதும்.