மாவுப்பூச்சி என்று தேடினால் நம் பதிவு வருமா? இன்ஸ்டாகிராம் கேரசலும் கேப்ஷனும்

மாடித்தோட்டம் பற்றி இன்ஸ்டாகிராமில் சில ஆண்டுகளாக எழுதிவருகிறேன். பெரும்பாலும் கேரசல்கள்தான். ஒரு பூச்சி, ஒரு நோய், ஒரு உரம் என்று எடுத்துக்கொண்டு ஏழெட்டு அட்டைகளில் படமும் குறிப்புமாகப் போடுவேன். ரீல்ஸ் போட்ட வாரமே ஓய்ந்துவிடுகிறது. பூச்சியைப் பற்றிய கேரசலோ, அந்தப் பூச்சி வரும் பருவத்தில் மறுபடி ஆட்களைக் கூட்டிவருகிறது. ஆனால் தேடுகிறவர் கண்ணில் அது பட வேண்டும். அதை முடிவு செய்வதில் அட்டைகளைவிட அடியில் இருக்கும் கேப்ஷனுக்குத்தான் பங்கு அதிகம் என்பது இத்தனை நாள் பயன்படுத்தியதில் கிடைத்த முடிவு.

மதுரையில் இருக்கும் ஒரு தோழி தன் கேரசலைக் காட்டி, இது ஏன் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று கேட்டார். செம்பருத்தியில் வந்த மாவுப்பூச்சியை வேப்பெண்ணெய் கொண்டு விரட்டிய கதை. படங்கள் பிரமாதம்; குருத்தில் பஞ்சு ஒட்டியது போலப் பூச்சி இருப்பது முதல் அட்டையிலேயே தெளிவாகத் தெரிந்தது. கேப்ஷனில் இருந்தது ஒரே வரி: “என் செல்லத்துக்கு வந்த சோதனை!” கீழே #love, #nature, #plants என்று ஒரு பட்டாளம்.

“எல்லாவற்றையும் படத்தில்தான் எழுதியிருக்கிறேனே அக்கா” என்றார்.

அங்கேதான் சிக்கல். படத்துக்குள் எழுதியதைத் தேடல் படித்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. 2021இல் இன்ஸ்டாகிராம் தன் தேடல் எப்படி இயங்குகிறது என்று விளக்கியபோது, தேடுகிறவர் தட்டும் சொல்லுக்கே முதலிடம் என்றது. பதிவு தேடலில் வர வேண்டுமானால் தேடுசொற்களையும் ஹேஷ்டேக்குகளையும் கேப்ஷனில் போடுங்கள், பின்னூட்டத்தில் வேண்டாம் என்றும் சொன்னது. கேப்ஷன் அழகாக இருக்க வேண்டும் என்று ஹேஷ்டேக்குகளை முதல் பின்னூட்டத்தில் ஒளித்துவைக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தேடலைப் பொறுத்தவரை அதனால் பயனில்லை.

சரி, எந்தச் சொல்லைப் போடுவது? பூச்சியின் பெயர் தெரிந்தவருக்கு நம் பதிவு அவ்வளவாகத் தேவைப்படாது. தேடுகிறவர் கண்ணில் பட்டதைத்தான் தட்டுவார்: “செம்பருத்தி வெள்ளை பூச்சி”, “மொட்டு உதிர்கிறது”, “இலை சுருண்டு போகிறது”. இந்தச் சொற்களைப் பழைய பதிவுகளின் பின்னூட்டங்களிலிருந்து எடுக்கிறேன். ஆட்கள் கேள்வி கேட்கும் விதம்தான் அவர்கள் தேடும் விதமும். தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டி நிறுத்தினால் கீழே விழும் பரிந்துரைகளும் உதவும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக இரண்டு தொல்லைகள். முதலாவது, நம் சொற்கள் வேற்றுமை உருபோடு ஒட்டிக்கொள்வது. கேப்ஷன் முழுக்க “செம்பருத்தியில்”, “மாவுப்பூச்சிகளை” என்றே இருந்தால், “செம்பருத்தி” என்று தட்டுகிறவரின் சொல் அதில் தனியாக எங்கும் இல்லை. எந்திரம் பிரித்துப் புரிந்துகொள்ளும் என்று நம்புவதைவிட, முக்கியச் சொல்லை ஒருமுறையாவது உருபு ஒட்டாமல் எழுதிவிடுவது மேல். சந்தியும் இப்படித்தான். போனில் தட்டுகிறவர் பெரும்பாலும் “மாவு பூச்சி” என்று இடைவெளி விட்டு, ஒற்று இல்லாமல்தான் தட்டுவார். இலக்கணப்படி ஓரிடத்திலும் மக்கள் தட்டும்படி ஓரிடத்திலும் எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அதே ஆள் ஒரு நாள் தமிழிலும், மறுநாள் ஆங்கில எழுத்தில் தமிழையும், இன்னொரு நாள் ஆங்கிலத்திலும் தேடுவது. மூன்றுக்கும் கேப்ஷனில் இடம் வேண்டும். தோழியின் பதிவை மாற்றி எழுதியது இப்படி:

```
செம்பருத்தி செடியில் மாவு பூச்சி: வேப்பெண்ணெய்
கரைசல் தெளிக்கும் முறை.
குருத்தில் வெள்ளையாகப் பஞ்சு போல் ஒட்டியிருக்கிறதா?
மொட்டு உதிர்கிறதா? எறும்பு ஏறுகிறதா?
அது மாவுப்பூச்சி. 1 லிட்டர் தண்ணீர், 5 மி.லி.
வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல்.
மாலையில் தெளிக்கவும். வாரம் ஒருமுறை.
Sembaruthi maavu poochi / Mealybugs on hibiscus:
neem oil spray
#மாவுப்பூச்சி #மாடித்தோட்டம் #செம்பருத்திச்செடி
#mealybugs #terracegarden
```

ஃபீடில் கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். மீதி “more” என்பதற்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் செடி, பூச்சி, மருந்து மூன்றும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டன. 2,200 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது என்பதற்காக ஒரே சொல்லை இருபது முறை திணித்தால் படிக்கிறவர் ஓடிவிடுவார். எத்தனை பேர் திறந்தார்கள், விரும்பினார்கள், பகிர்ந்தார்கள் என்பதையும் தேடல் கணக்கில் எடுப்பதால், அவர் ஓடுவது நமக்குத்தான் நஷ்டம்.

ஹேஷ்டேக் விஷயத்தில் என் ஆர்வம் வற்றிவிட்டது. ஒரு காலத்தில் 30 வரை அடுக்கிக்கொண்டிருந்தோம். 2021இல் படைப்பாளர்களுக்கான இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கே 3 முதல் 5 போதும் என்றது. ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதி 2024 டிசம்பரில் எடுக்கப்பட்டது. ஹேஷ்டேக்கால் பெரிய வீச்சு கிடைக்காது என்று நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசெரி பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது அது இந்தப் பதிவு எதைப் பற்றியது என்று ஒட்டும் பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான். பெயர்ச்சீட்டு சரியாக இருந்தால் ஐந்தே அதிகம்.

சரியானதா என்று பார்க்க ஒரே வழி, போடும் முன் அதைத் தட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மேலே வெறும் #sembaruthi இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அதே பெயரில் 2017 முதல் 2022 வரை ஒரு தொலைக்காட்சித் தொடர் ஓடியது. அந்த ஹேஷ்டேக்கில் நுழைந்தால் கதாநாயகியின் புடவைகளுக்கு நடுவே நம் பூச்சி உட்கார்ந்திருக்கும். #hibiscus பக்கம் போனால் பூப் படங்களும் கூந்தல் தைலமும். சொல் சரிதான், கூட்டம் வேறு. இடைவெளியோ சிறுகோடோ வந்தால் ஹேஷ்டேக் அந்த இடத்தில் அறுந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சேர்த்து எழுத வேண்டும், அல்லது அடிக்கோடு போட வேண்டும்.

மாற்றுரையை, அதாவது Alt text என்ற பகுதியை, ஒவ்வொரு அட்டைக்கும் தனியாக எழுதலாம். பார்வையற்றவர்களுக்காக வந்த வசதி அது. தேடுசொல் கொட்டும் குப்பைத்தொட்டி ஆக்காதீர்கள். “செம்பருத்திக் குருத்தில் வெள்ளை மாவுப்பூச்சிகள்” என்று உள்ளதை எழுதினாலே போதும்.

2025 ஜூலை முதல் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வரத் தொடங்கின. கேப்ஷனில் அளவுகளோடு எழுதுவதற்கு இது இன்னொரு காரணம். கூகுளில் தேடுகிறவர் நம் பக்கத்தைப் பார்த்தே இருக்கமாட்டார். அவரிடம் நமக்காகப் பேச அந்தச் சில வரிகள் மட்டுமே இருக்கும். வேண்டாதவர்கள் அமைப்புகளில் அணைத்துவைக்கலாம்.

பலன் தெரிகிறதா என்பதை நம் போனில் தேடிப் பார்க்கக் கூடாது. தேடுகிறவர் முன்பு எதைப் பார்த்தார் என்பதும் முடிவுகளை மாற்றும் என்பதால், நமக்கு நம் பதிவே மேலே வந்து மனதைக் குளிர்விக்கும். தோட்டத்தில் நாட்டமே இல்லாத என் தம்பியின் போனில்தான் நான் பார்க்கிறேன். “white insects” என்று பொதுவாகத் தட்டினால் நம் பதிவு வராது; பெரிய கணக்குகள் நிற்கும் இடம் அது. செடிப் பெயரும் பூச்சிப் பெயரும் சேர்ந்த தமிழ்த் தேடலில் போட்டி குறைவு, அங்கே இடம் கிடைக்கிறது. அதுவும் உடனே இல்லை. வெயில் ஏறி மாவுப்பூச்சி பெருகும் மாதங்களில்தான் பழைய கேரசலுக்குச் சேமிப்புகள் கூடுகின்றன.

கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது அவரைக்காயில் வரும் அசுவினி. வேளாண் துறையினர் அப்படித்தான் சொல்கிறார்கள். என் பின்னூட்டங்களில் எல்லோரும் கேட்பதோ “கருப்பு பூச்சி”. முதல் வரியில் கருப்பு பூச்சியும் இரண்டாம் வரியில் அசுவினியும் போகின்றன.