பழைய மேலாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது: மூன்று வழிகளை வைத்துப் பார்த்தபோது

டர்பன் துறைமுகத்துப் பக்கம், சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவள் என் அக்கா மகள். ஜோகன்னஸ்பர்க்கில் இறக்குமதி மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கப் பழைய மேலாளரிடம் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது. எப்படிக் கேட்பது என்று மூன்று விதமாக எழுதிக்கொண்டு சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக்கு வந்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், இங்கே தமிழில் தருகிறேன். நானும் பல வருஷம் கிடங்கு மேலாளராக இருந்து இப்படிப்பட்ட கோரிக்கைகளை வாங்கியவன் என்பதால், வாங்குகிறவர் பக்கத்திலிருந்துதான் படித்தேன்.

முதலாவது வாட்ஸ்அப்பில் ஒரே வரி: “நலமா? எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தர முடியுமா?” இதற்கு யாரும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை, ‘சரிம்மா’ என்பார்கள். அதோடு நின்றுவிடும். எந்த வேலைக்கு, யாருக்கு எழுத, எப்போதுக்குள், அவள் எந்த மாதம் சேர்ந்தாள் என்று எல்லாவற்றையும் அவரே தேட வேண்டும். வாரம் கழித்து வந்தாலும் ‘நல்ல உழைப்பாளி, நேரம் தவறாதவர்’ என்று யாருக்கும் பொருந்தும் நாலு வரிதான் வரும்.

இரண்டாவது, கடிதத்தையே எழுதி அனுப்பி, கையெழுத்து மட்டும் கேட்பது. அவருக்கு வேலை மிச்சம் போலத் தெரியும். ஆனால் விண்ணப்பத்தில் இருக்கும் அதே சொற்கள் கடிதத்திலும் இருந்தால், இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். தொலைபேசியில் கூப்பிட்டு, ‘நீங்கள் எழுதிய அந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்குங்கள்’ என்று கேட்டால் மேலாளர் தடுமாறுவார். அவராக ‘நீயே எழுதிக் கொண்டுவா’ என்று சொன்னால் ஒழிய இது வேண்டாம் என்றேன். சொன்னாலும், குறிப்புகளாகக் கொடுப்பதே நல்லது.

மூன்றாவதுதான் என் தேர்வு: விவரங்களோடு ஒரு மின்னஞ்சல். அவள் எழுதியதை இருவரும் உட்கார்ந்து இப்படித் திருத்தினோம்:

“வணக்கம் ஐயா. 2019 மார்ச் முதல் 2023 ஜூன் வரை உங்களிடம் இறக்குமதிப் பிரிவில் இருந்தேன். இப்போது ஜோகன்னஸ்பர்க்கில் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ஆவணங்களைச் சரிபார்ப்பதிலும் நெருக்கடியில் வாடிக்கையாளரிடம் பேசுவதிலும் அனுபவம் கேட்கிறார்கள். இந்த இரண்டைப் பற்றி ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர முடியுமா? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலை சேதமானபோது, சிக்கிய 43 கண்டெய்னர்களுக்குப் பட்டியல் போட்டு ஒவ்வொரு வாடிக்கையாளரையும் நான் அழைத்துப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கலாம். டிசம்பர் 5க்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்; விண்ணப்பத்தின் கடைசி நாள் 8. வேலை விளம்பரம், என் விண்ணப்பம், பணிச் சான்றிதழ் மூன்றையும் இணைத்திருக்கிறேன். என் வேலையைப் பற்றி அவர்களிடம் நீங்கள் பேச எனக்குச் சம்மதம். எழுத வசதிப்படாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்வேன்.”

வெள்ளத்தைப் பற்றிய அந்த வரிதான் இதில் உயிர். அதைப் படித்தவுடன் அவருக்கு அந்த நாளே கண்முன் வரும், புகழ்ச்சிச் சொல்லைத் தேடாமல் கண்டதை எழுதுவார். இப்படி ஒரு சம்பவம் போதும். ஐந்தாறு கொடுத்தால் எல்லாவற்றையும் தொட்டு ஒன்றையும் சொல்லாத கடிதம் வரும்.

பணிச் சான்றிதழை இணைத்ததற்கும் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், 42ஆம் பிரிவு, வேலையை விட்டுப் போகிறவருக்கு அந்தச் சான்றிதழைப் பெறும் உரிமையைத் தருகிறது. சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, கடைசிச் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். பரிந்துரைக் கடிதமோ மேலாளர் மனமுவந்து தருவது. அதனால் தேதிகளைச் சான்றிதழிடம் விட்டுவிட்டு, அவர் மட்டுமே சொல்லக்கூடியதை அவரிடம் கேட்க வேண்டும். தேதியை நினைவிலிருந்து எழுதி, அது விண்ணப்பத்தோடு ஒரு மாதம் முன்பின்னானால் சந்தேகம் அவள் மேல்தான் விழும். சம்பளத்தை அவர் மறுபடி பார்க்கத் தேவையில்லை என்று அவள் நினைத்தால், அந்த வரியை மறைத்து அனுப்பலாம்.

சம்மத வரியைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பழைய ஊழியரைப் பற்றி வெளியாரிடம் பேசத் தயங்கும் மேலாளர்கள் உண்டு. எழுத்தில் சம்மதம் இருந்தால் அந்தத் தயக்கம் குறையும்.

நாளும் கணக்கில் வரும். டிசம்பர் பாதியில் இங்கே பல அலுவலகங்கள் மூடிவிட்டு ஜனவரியில்தான் திறக்கும். நவம்பர் 20ஆம் தேதி அனுப்பினாள், இரண்டு வாரம் இருந்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் தேதிகளைத் தவிர எதுவும் எழுதக் கூடாது என்பது அங்கே விதியாம். தன் சொந்தப் பெயரில், மேலாளராக இருந்தவர் என்று குறிப்பிட்டு எழுதலாமா என்று கேட்டிருந்தார். விண்ணப்பிக்கும் நிறுவனத்தை அழைத்து, அப்படி இருந்தால் ஏற்பார்களா என்று கேட்டுக்கொண்டு, ‘ஆம்’ என்று பதில் அனுப்பினாள். டிசம்பர் 2ஆம் தேதி கடிதம் வந்தது. அதில் பாதிப் பக்கம் அந்த 43 கண்டெய்னர்களைப் பற்றி.