சிஸ்டாலிக் அரேயில் எடை நிற்கட்டுமா, விடை நிற்கட்டுமா?

படங்களை வகைப்படுத்தும் ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்குக்காக, சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் எஃப்பிஜிஏ போர்டில் 16×16 சிஸ்டாலிக் அரே ஒன்றை, அதாவது அணிகளைப் பெருக்கும் சின்னச் செல்களின் கட்டத்தை, கட்ட வேண்டியிருந்தது. முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எது செல்லுக்குள் நிற்பது, எது நகர்வது என்பதுதான். நான் எடைகளை, அதாவது நெட்வொர்க் பயிற்சியில் கற்றுக்கொண்ட எண்களை, நிற்க வைத்தேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

எடை நிற்கும் வகை, விடை நிற்கும் வகை இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு செல்லிலும் ஒரு பெருக்கியும் ஒரு கூட்டியும் இருக்கும். எந்தச் செல்லும் மெமரியைத் தொடாது. கான்கிரீட் போடும்போது சட்டி கைமாறுவதுபோல, வந்த எண்ணைப் பயன்படுத்திவிட்டு அடுத்த கிளாக்கில் பக்கத்துச் செல்லிடம் தள்ளிவிடும். இதை 1970-களின் இறுதியில் எச். டி. குங்கும் சார்லஸ் லைசர்சனும் முன்வைத்தார்கள். சாதாரண முறையில் 256 பெருக்கலுக்கு 512 எண்களைப் படிக்க வேண்டும். எடைகள் உள்ளே நிற்கும் 16×16 அரேயில் ஒரு கிளாக்குக்கு 16 உள்ளீடுகளைப் படித்தால் போதும். ஒவ்வொன்றும் 16 செல்களில் வேலை செய்துவிட்டுத்தான் வெளியேறும்.

எடை நிற்கும் வகையை ஒரு 2×2 கணக்கில் பார்ப்போம். A உள்ளீடு, W எடைகள்.

```
A = | 1 2 |   W = | 5 6 |   A×W = | 19 22 |
    | 3 4 |       | 7 8 |         | 43 50 |
```

W-வின் நான்கு எண்களும் முன்கூட்டியே நான்கு செல்களில் ஏறி உட்கார்ந்துவிடும். A-வின் முதல் நெடுவரிசை (1, 3) மேல் வரிசைச் செல்களுக்கு இடப்பக்கமிருந்து நுழையும். இரண்டாவது நெடுவரிசை (2, 4) கீழ் வரிசைக்கு, ஒரு கிளாக் தாமதமாக. கூட்டுத்தொகை மேலிருந்து கீழே இறங்கும்.

முதல் கிளாக்கில் 1 வந்து 5-ஐச் சந்திக்கிறது: 5. இரண்டாவது கிளாக்கில் அந்த 5 கீழே இறங்கி 7 இருக்கும் செல்லுக்கு வரும்போது, 2-உம் அங்கே வந்து சேர்கிறது: 5 + 14 = 19. முதல் விடை வெளியே. அதே கிளாக்கில் மேலே 1 வலப்பக்கம் நகர்ந்து 6-ஐப் பெருக்குகிறது, 3 உள்ளே வந்து 15 ஆகிறது. மூன்றாவது கிளாக்கில் 6 + 16 = 22, 15 + 28 = 43 இரண்டும் ஒன்றாக வருகின்றன. நான்காவதில் 18 + 32 = 50. அவ்வளவுதான்.

அந்த ஒரு கிளாக் தாமதம்தான் இதன் உயிர். அதை விட்டுவிட்டால், இறங்கி வரும் 5, கீழே 2-க்குப் பதில் 4-ஐச் சந்தித்து 33 ஆகும். பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான எண் மட்டும் வரும். இதைப் பிடிக்க எளிய வழி, எடையாக அலகு அணியை ஏற்றிப் பார்ப்பது. உள்ளே போட்ட A அப்படியே வெளியே வர வேண்டும். தாமதம் இல்லையென்றால் ஒவ்வொரு நெடுவரிசையும் தன் இடப்பக்கத்து நெடுவரிசையைவிட ஒரு வரிசை மேலே ஏறி, படிக்கட்டுபோலத் தெரியும். பார்த்த உடனே புரிந்துவிடும்.

விடை நிற்கும் வகையில் இடப்பக்கமிருந்து A, மேலிருந்து W, இரண்டுமே நகரும். 19 சேர வேண்டிய செல்லுக்குள் முதலில் 5, பிறகு 14 என்று கூட்டல் அங்கேயே நடக்கும். முடிந்தபின் விடைகளைத் தனியாக வெளியே தள்ள வேண்டும். இதன் அழகு, பாதிக் கூட்டுத்தொகை எங்கும் பயணப்படாதது. 8 பிட் எண்களைப் பெருக்கிக் கூட்டினால் தொகை 20 பிட்டைத் தாண்டிப் போகும்; அத்தனை அகலமான கம்பிகளைச் செல்லுக்குச் செல் இழுக்கும் தேவை குறைகிறது.

சரி, பிறகு ஏன் எடையை நிற்க வைத்தேன்? எடைகளை எத்தனை முறை வெளி மெமரியிலிருந்து படிக்கிறோம் என்ற ஒரே கணக்குக்காக.

ஒரு கன்வல்யூஷன் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 28×28 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் A-வில் ஒரு வரிசை, ஆக 784 வரிசைகள். 64 சேனல், 3×3 ஃபில்டர் என்றால் ஒவ்வொரு வரிசையிலும் 576 எண்கள். வெளியீடும் 64 சேனல். எடைகள் 576×64 = 36,864 பைட். எடை நிற்கும் வகையில் ஒரு 16×16 துண்டை ஏற்றிவிட்டு 784 வரிசைகளையும் அதன் வழியே ஓட விடலாம். ஒவ்வொரு எடையும் ஒரே முறைதான் படிக்கப்படுகிறது. விடை நிற்கும் வகையிலோ அரே ஒரு நேரத்தில் 16 வரிசைகளின் விடைகளைத்தான் தாங்கும். 784-க்கு 49 தவணை. எடைகளைச் சிப்புக்குள் சேமித்து வைக்காவிட்டால் அத்தனையையும் 49 முறை படிக்க வேண்டும்: சுமார் 18 லட்சம் பைட். உள்ளீடுகளைப் படிக்கும் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 2014-இல் மார்க் ஹொரோவிட்ஸ் வெளியிட்ட 45 நானோமீட்டர் கணக்கின்படி, 8 பிட் பெருக்கலுக்கு சுமார் 0.2 பிகோஜூல், வெளி மெமரியான டிராமிலிருந்து 32 பிட் படிக்க சுமார் 640. பெருக்கலின் செலவு ஒரு பொருட்டே இல்லை, எண்ணைக் கொண்டுவருவதுதான் செலவு. ஒரே எடைகள் ஆயிரக்கணக்கான முறை பயன்படுவதும், எந்த எண் எப்போது வரும் என்பது முன்பே தெரிந்திருப்பதும் நியூரல் நெட்வொர்க்கின் இயல்பு. அதனால்தான் இந்த அமைப்பு அதற்கு இவ்வளவு பொருந்துகிறது.

இதற்கு நான் கொடுத்த விலையும் உண்டு. 576-ஐ 16 ஆல் வகுத்தால் 36 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் தருவது பாதிக் கூட்டுத்தொகைதான், அவற்றை அரேக்குக் கீழே அக்குமுலேட்டரில் வைத்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 784 வரிசை, 16 நெடுவரிசை, தலா 4 பைட்: சிப்புக்குள் இருக்கும் மெமரியான பிளாக் ராமில் 49 கிலோபைட் அதற்கே போய்விடுகிறது. சின்ன போர்டில் இது உறுத்தும். ஆனாலும் சிப்புக்குள் படிப்பது வெளியே போய்ப் படிப்பதைவிட மிக மலிவு என்பதால் மனதார ஏற்றுக்கொண்டேன்.

நியூரல் நெட்வொர்க்குக்காகவே கூகுள் வடிவமைத்து, 2015-இல் தன் டேட்டா சென்டர்களில் இறக்கிய முதல் டிபியூ சிப்பும் எடை நிற்கும் வகைதான். 256×256 செல்கள், 700 மெகாஹெர்ட்ஸ், கீழே 4 மெகாபைட் அக்குமுலேட்டர். ஒரு துண்டு எடைகளை உள்ளே நகர்த்த 256 கிளாக் ஆகும். அடுத்த துண்டுக்கும் செல்லிலேயே இடம் வைத்திருப்பதால், கணக்கு நடக்கும்போதே பின்னணியில் அது ஏறிவிடும். நானும் அப்படியே செய்தேன். செல்லுக்கு 8 பிட் கூடுதல் செலவு, அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஆனால் அந்த டிபியூவிலேயே இதன் எல்லையும் தெரியும். எடைகள் இருந்த டிடிஆர்3 மெமரியின் வேகம் விநாடிக்கு சுமார் 34 ஜிகாபைட். 64 கிலோபைட் துண்டு ஒன்று வந்து சேர சுமார் 1,350 கிளாக் ஆகும். அதாவது ஒவ்வொரு துண்டுக்கும் அத்தனை வரிசை உள்ளீடு இருந்தால்தான் அரே சும்மா நிற்காது. கன்வல்யூஷனுக்கு அது எளிது. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கும் அடுக்குகளுக்கும், தொடராக வரும் தரவைக் கையாளும் எல்எஸ்டிஎம் நெட்வொர்க்குகளுக்கும் அது கிடைக்கவில்லை, அவை மெமரிக்காகவே காத்துக் கிடந்தன.

என் 16×16-இலும் இதே கதைதான். ஒரே ஒரு வரிசை உள்ளீடு என்றால், துண்டை ஏற்றவே 16 கிளாக், பயன்படுத்த 1. பதினாறில் ஒரு பங்கு வேலைதான் நடக்கும். விடை நிற்கும் வகைக்கு மாறினாலும் 16 வரிசைச் செல்களில் ஒன்றுதான் ஓடும், அதே பதினாறில் ஒன்று. எனவே ஒற்றை உள்ளீட்டுக்காக யாரும் வகையை மாற்ற வேண்டாம். உள்ளீடுகளைச் சேர்த்து அனுப்பும் வழியைத்தான் தேட வேண்டும்.

எடைகள் முழுவதும் சிப்புக்குள்ளேயே அடங்கிவிட்டால் என் 49 மடங்குக் கணக்கு பெரும்பாலும் கரைந்துவிடும். அப்போது அரேக்குக் கீழே தனி அக்குமுலேட்டர் தேவைப்படாத, விடை நிற்கும் வகையைத் தயங்காமல் எடுக்கலாம். நான் ஓட்டியது ஒரே அளவு அரேயில், பெரும்பாலும் கன்வல்யூஷன் அடுக்குகளை. பெருக்க வேண்டிய நீளம் மிக அதிகமாகவும் வரிசைகள் மிகக் குறைவாகவும் உள்ள நெட்வொர்க்குக்கு என் தேர்வை அப்படியே எடுக்காமல், இந்தக் கணக்கை உங்கள் எண்களில் போட்டுப் பாருங்கள்.