லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த "25 ஆண்டு வாரண்டி"

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்துத் தந்தவர், தம் லெட்டர்பேடில் "முழு அமைப்புக்கும் 25 ஆண்டு வாரண்டி" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரண்டாம் ஆண்டிலேயே, பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் செத்துவிட்டது. அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது வேறு வியாபாரம் நடக்கிறது.

இன்வெர்ட்டர் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் சீரியல் எண்ணைக் கேட்டார்கள். அதை வைத்துப் பார்த்ததில், எங்கள் வீட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பழைய சரக்கு அது என்று தெரிந்தது. வாங்கிய தேதியை யாரும் பதிவு செய்யாததால் வெளியேறிய நாளிலிருந்தே வாரண்டியைக் கணக்கிட்டார்கள், அது முடிந்துபோயிருந்தது. எங்கள் பில்லில் "இன்வெர்ட்டர் - 1" என்று மட்டுமே இருக்கிறது. திட்டமிட்ட மோசடி இது.

அந்த 25 ஆண்டு என்பது பேனலின் மின் உற்பத்தி பற்றிய உறுதி மட்டுமே. பொதுவாக, அந்தக் காலத்தின் முடிவில் பேனல் தன் திறனில் சுமார் 80 சதவீதத்தையாவது தரும் என்பதே அதன் பொருள். கண்ணாடி, சட்டம், இணைப்புப் பெட்டி ஆகியவற்றின் குறைகளுக்கான வாரண்டி தனி. அது பெரும்பாலும் 10 அல்லது 12 ஆண்டு. இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10 ஆண்டு வரை கிடைக்கும். இந்த மூன்றையும் ஒரே வரியில் கலந்து எழுதுகிறவரை நம்பாதீர்கள். முதலில் பழுதாவது பெரும்பாலும் இன்வெர்ட்டர்தான். அது நின்றால் மாடியில் எத்தனை நல்ல பேனல் இருந்தும், நாளொன்றுக்குக் கிடைக்க வேண்டிய சுமார் 12 யூனிட் மின்சாரம் வீண்.

பேனலிலும் ஏமாற்றினார். "மானியம் வர மாதக்கணக்காகும், அதற்குப் பதில் நானே விலையைக் குறைக்கிறேன்" என்றார். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்கு இந்தியாவில் செய்த செல்கள் கொண்ட பேனல் வேண்டும். பதிவு பெற்ற நிறுவனமே அமைக்க வேண்டும். ஐந்தாண்டுப் பராமரிப்பும் அந்நிறுவனத்தின் பொறுப்பு. அவர் தவிர்க்க நினைத்தது இந்தப் பொறுப்பைத்தான். விலைப்பட்டியலில் திறன் கூடிய மோனோ வகை என்று எழுதிவிட்டு, மாடியில் ஏற்றியது திறன் குறைந்த நீலநிறப் பாலி பேனல்கள். மோனோ செல் கறுப்பாக இருக்கும். வெயிலில் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

எனவே சட்டத்தில் பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு பேனலின் பின்புற லேபிளையும் இன்வெர்ட்டரின் லேபிளையும் படம் எடுங்கள். அந்தச் சீரியல் எண்கள் அனைத்தும் பில்லில் ஏறி, இன்வெர்ட்டர் உங்கள் பெயரில் தயாரிப்பாளரிடம் பதிவாகும் வரை கடைசித் தவணையைத் தராதீர்கள். அமைப்பவர் சென்ற மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார். ஐந்தாண்டுக்கு முன் அமைத்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இன்வெர்ட்டர் பழுதானபோது யார் வந்தார், எத்தனை நாளில் வந்தார் என்று வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்கள்.