வாசலை மறித்த கார், நள்ளிரவுப் பாட்டு: மாடிக்கு அனுப்ப நான்கு வரைவுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. கீழே நானும் மனைவியும் இருக்கிறோம். மாடியில் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் வாடகைக்கு இருக்கிறார். வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். தண்ணீரை வீணாக்க மாட்டார். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் சென்னையிலிருந்து நண்பர்கள் காரில் வருவார்கள், புதுச்சேரி போய்விட்டு இரவில் திரும்பி வந்து மாடியில் தங்குவார்கள். இங்கிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். அறை வாடகை மிச்சமாகும் கணக்கு எனக்கும் புரிகிறது.

அந்தச் சனிக்கிழமை இரவு பதினொன்று சுமாருக்கு இரண்டு கார்கள் வந்தன. ஒன்று கேட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பாட்டு ஒன்றரை மணி வரை ஓடியது. அதிகாலை நாலரைக்கு மகளைத் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் விட வேண்டும். எங்கள் காரை வெளியே எடுக்க வழியில்லை. மேலே போய் அழைப்பு மணியைப் பத்து நிமிடம் அழுத்தினேன். யாரும் எழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய தெருவரை நடந்து, ஆட்டோ பிடித்து, வண்டி கிளம்பும் நேரத்தில் ஏற்றிவிட்டோம்.

வீடு திரும்பியதும் கைபேசியை எடுத்து உட்கார்ந்தேன். அன்று மாலைக்குள் நான்கு வரைவுகள் ஆயின. ஒரே நிகழ்ச்சிக்கு எழுதியவை என்பதால் அருகருகே வைத்துப் பார்க்க வசதியாக இருக்கிறது.

விடியற்காலை ஐந்தேகாலுக்கு எழுதியது இது:

"இது வீடா, சத்திரமா? நேரங்காலம் இல்லாமல் கூத்தடிக்கிறீர்கள். வாசலை அடைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள். குடும்பங்கள் இருக்கிற இடம் என்ற நினைப்பு வேண்டாமா? இனி எவனும் இங்கே வந்து தங்கக் கூடாது. முடியாதென்றால் அடுத்த மாதமே காலி செய்யுங்கள்."

எழுதி முடித்தபோது நெஞ்சு லேசானது. இதன் ஒரே பயன் அதுதான். படிக்கிறவர் எந்தச் சொல்லுக்குப் பதில் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். காருக்கும் பாட்டுக்கும் சொல்ல மாட்டார், "எவனும்" என்பதற்கும் "கூத்து" என்பதற்கும்தான் சொல்வார். என் நண்பர்களை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று கேட்பார், அதில் நியாயமும் இருக்கும். அப்புறம் நான் மன்னிப்புக் கேட்கும் இடத்துக்கு வந்துவிடுவேன், கேட் அப்படியே அடைபட்டுக் கிடக்கும். காலி செய்யச் சொன்னதும் வெற்று மிரட்டல். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. ஒரு இரவுச் சத்தத்துக்காக அதை முறிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நடக்காததைச் சொல்லி மிரட்டினால், பிறகு நடக்கக்கூடியதைச் சொல்லும்போதும் நம்ப மாட்டார்கள்.

காலைக் காப்பியோடு மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, தானே ஒன்று சொன்னாள்:

"தம்பி, நேற்று நண்பர்கள் வந்திருந்தார்கள் போலிருக்கிறது, சந்தோஷம். அக்கம்பக்கத்தில் வயதானவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்."

நம் ஊரில் பெரும்பாலோர் அனுப்புவது இதைத்தான். முதலாவதைவிட இது ஆபத்தானது என்பேன், மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? கேட் என்ற சொல்லே இதில் இல்லை. வயதானவர்கள் என்றதும் எதிர்வீட்டுத் தாத்தா ஏதோ சொல்லியிருக்கிறார் என்று அவர் நினைத்துக்கொள்வார். கைகூப்பும் படத்தோடு "சரி அங்கிள்" என்று பதில் வரும். அடுத்த மாதம் மறுபடி கார் குறுக்கே நிற்கும். நான் "ஏற்கெனவே சொன்னேனே" என்று கொதிப்பேன். உண்மையில் சொல்லியிருக்கவே மாட்டேன். இந்தக் கொதிப்பில்தான் நல்ல வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் பிரிகிறார்கள்.

மூன்றாவது மதியம் எழுதியது:

"தம்பி, வணக்கம். சனி இரவு உங்கள் நண்பரின் கார் கேட்டுக்குக் குறுக்கே நின்றது. அதிகாலை 4.30-க்கு மகளை ரயிலேற்ற எங்கள் காரை எடுக்க முடியவில்லை. மணி அடித்தேன், யாரும் எழவில்லை. இனி வருகிறவர்கள் மதிலை ஒட்டி வேப்பமரத்துப் பக்கம் நிறுத்தட்டும். இரவு தங்கும் காராக இருந்தால் ஓட்டி வந்தவரின் எண்ணை எனக்கு அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, பாட்டு 1.30 வரை கேட்டது. இரவு 10-க்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம். பேசிக்கொண்டிருப்பதால் எங்களுக்குத் தொந்தரவில்லை. பார்த்ததும் ஒரு வரி பதில் போடுங்கள்."

இதில் எனக்குப் பிடித்தது அந்த எண் கேட்கும் வரி. எங்கே நிறுத்தக் கூடாது என்பதோடு எங்கே நிறுத்தலாம் என்பதையும் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் இருட்டில் வருகிறவன் தவறு செய்யத்தான் செய்வான். அப்போது யாரை எழுப்புவது? மாடிக்காரரை எழுப்பினாலும் சாவி அவரிடம் இருக்காது. ஓட்டியவரின் எண் இருந்தால் தவறு நடந்தாலும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

பேச்சில் தொந்தரவில்லை என்ற வரியையும் வேண்டுமென்றே வைத்தேன். எதற்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னால்தான் ஆட்சேபம் எதுவரை என்பது தெரியும். நண்பர்கள் யார், என்ன குடித்தார்கள், ஆணா பெண்ணா, ஏன் திருமணமாகாதவருக்கு இத்தனை விருந்தாளிகள் என்பதெல்லாம் கடிதத்துக்குள் வந்தால் அது நடத்தைப் பஞ்சாயத்தாகிவிடும். எனக்கு வேண்டியவை இரண்டே: திறக்கிற கேட், தூங்கக்கூடிய இரவு.

பத்து மணி என்பது நான் வைத்த நேரம் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 முதல் காலை 6 வரை. குடியிருப்புப் பகுதிக்கு அந்த நேரத்து வரம்பு 45 டெசிபல், பகலில் 55. இதைக் கடிதத்தில் ஏன் எழுதவில்லை என்று மருமகன் கேட்டார். அந்த விதிகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரவில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, ஆனால் மூடிய அறைக்குள் உள்ளே இருப்பவர்களுக்காக வைப்பதற்கு விலக்கும் உண்டு. தனியார் இடத்து ஒலி, அந்த இடத்தின் எல்லையில் வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் மிஞ்சக் கூடாது. எங்கள் வழக்கில் ஜன்னல் திறந்திருந்ததா, எல்லையில் எவ்வளவு இருந்தது என்று யார் அளந்தார்கள்? கைபேசிச் செயலி காட்டும் எண்ணை வைத்து அதிகாரியிடம் வாதாட முடியாது. முதல் கடிதத்திலேயே "சட்டப்படி குற்றம்" என்று எழுதினால், இணையத்தில் தேடி அந்த விலக்கைக் காட்டிப் பதில் அனுப்ப அவருக்கு அரை மணி போதும். நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நான்காவது, வெள்ளைத்தாளில் தேதி, ஒப்பந்த விவரம், நடந்தது, நிறுத்தக் கோருவது என்று கையெழுத்திட்டு ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பும் அறிவிப்பு. முதல் தடவைக்கு இது மிகை. மாடிப்படியில் தினமும் பார்க்கிற ஒருவருக்குத் தபால் போடுவது பேச்சை முறித்துக்கொண்டதற்கு அடையாளம். மூன்றாம் முறைக்கு இதுதான் சரி. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், தவறான பயன்பாட்டை நிறுத்தச் சொல்லி அறிவிப்புக் கொடுத்த பிறகும் வாடகைதாரர் தொடர்ந்தால் வெளியேற்றம் கோரலாம் என்று இருக்கிறது. ஆகவே "காலி செய்" என்பதற்கு முன்னால் "நிறுத்து" என்று தேதி போட்ட தாள் ஒன்று வேண்டும். நண்பரின் கார் இரண்டு முறை குறுக்கே நின்றதை அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்பது வேறு கேள்வி, வழக்கறிஞர் இல்லாமல் அங்கே போகக் கூடாது. லாஸ்பேட்டையில் வீடு வைத்திருக்கும் என் சகலை இந்த வரைவைத் தனக்கும் கேட்டார். கொடுக்கவில்லை. புதுச்சேரிக்கு 1969-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தனியாக இருக்கிறது. இங்குள்ள சட்டத்தின் பெயரைப் போட்டு அங்கே அனுப்பினால் சிரிப்பார்கள்.

தெருவாசிகள் வாட்ஸ்அப் குழுவில் காரின் படத்தைப் போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஐம்பது பேர் முன்னால் அவமானப்பட்டவர் எனக்கு ஏன் ஒத்துழைக்க வேண்டும்? 112-ஐ அழைப்பது, கதவைத் தட்டியும் பாட்டு நிற்காத இரவுக்கு. மாடிக்கு மின்சாரத்தை நிறுத்து என்று சொன்னவரும் உண்டு. அத்தியாவசிய வசதியைத் துண்டிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் அதே 2017 சட்டம் சொல்கிறது. அதைச் செய்தால் குற்றவாளி நான்தான்.

மூன்றாவதை ஞாயிறு மாலை ஆறுக்கு அனுப்பினேன். மதியமே தயாராக இருந்தது, ஆனால் நண்பர்கள் மாடியில் இருந்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து படித்தால் பதில் அவர்களுக்காகத்தான் வரும். கார்கள் கிளம்பியதைப் பார்த்துவிட்டு அனுப்பினேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: "மன்னிக்கணும் அங்கிள், மணிச் சத்தம் கேட்கவே இல்லை. எண் அனுப்பிவிடுகிறேன்."

அடுத்த மாதம் கார்கள் வேப்பமரத்தடியில் நின்றன, எண்ணும் வந்தது. பாட்டு விஷயத்தில் பாதிதான் வெற்றி. பத்தேகாலுக்கு ஒலியைக் குறைத்துவிட்டார்கள். மாடியில் இருப்பவர்களுக்கு அது மெல்லிய சத்தம். எங்கள் படுக்கையறையில் மட்டும் தும் தும் என்று இடி கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் மேலே போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கர் வெறுந்தரையில், எங்கள் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. பாட்டின் மேல்சுரங்கள் காற்றில் அடங்கிவிடும். அடித்தொனி தளத்தின் கான்கிரீட் வழியே நேராக இறங்கும், ஒலியைக் குறைத்தாலும் அது கடைசியில்தான் போகும். இருவருமாக அதை மர மேசைக்கு ஏற்றி, அடியில் பழைய யோகா விரிப்பை மடித்துப் போட்டு, மறுபக்கச் சுவரோரம் தள்ளினோம். அப்புறம் அவரைக் கீழே அழைத்துவந்து எங்கள் கட்டிலில் உட்காரவைத்து, மேலே பாட்டைப் போட்டுவிட்டு வந்தேன். காதைத் தீட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. என் கடிதத்தில் "ஸ்பீக்கர் வேண்டாம்" என்று எழுதியதற்குப் பதில் "தரையில் வைக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது இரண்டு வரிகள் சேர்த்தோம்: விருந்தினர் வண்டி கேட்டுக்கு எதிரே நிற்காது, இரவு 10 முதல் காலை 6 வரை கீழ்த்தளத்துக்குக் கேட்கும்படி பாட்டு இருக்காது. அவர் படித்துவிட்டு மூன்றாவதாக ஒன்று கேட்டார். நான் தினமும் காலை ஐந்து மணிக்குப் போடும் தண்ணீர் மோட்டார் அவர் படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறதாம், நள்ளிரவில் வேலை முடித்து வந்து படுக்கும் வாரங்களில் கண் மூட முடியவில்லையாம். ஆறு மணிக்கு மேல் என்று என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன்.