துருக்கிய டாமா: ராஜாவை வெட்டுவதா, மூன்று காயை வெட்டுவதா?

துருக்கிய டாமா என்ற பலகை ஆட்டத்தில் சாதாரணக் காய் முன்னேயும் பக்கவாட்டிலும்தான் நகரும், எதிரிக் காயைத் தாண்டி வெட்டும். மூலைவாட்டில் போகாது. வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். பல வழி இருந்தால் அதிகக் காய் விழும் வழிதான்.

வெள்ளைக் காய் d3-இல் நிற்கிறது. முன்வழி: d4-இல் உள்ள கறுப்பு ராஜாவை, அதாவது கடைசி வரிசையை எட்டிப் பதவி உயர்ந்த காயை, தாண்டி d5, பிறகு e5 காயைத் தாண்டி f5. இரண்டு விழும், அதில் ஒன்று ராஜா. இடவழி: c3-ஐத் தாண்டி b3, b4-ஐத் தாண்டி b5, b6-ஐத் தாண்டி b7. மூன்றும் சாதாரணக் காய்கள்.

மனம் முன்வழிக்கே போகும். ஒரே நகர்வில் பல கட்டம் பறக்கும் ராஜா ஒன்று ஒழிந்தால் ஆட்டமே மாறிவிடுமே! ஆனால் எண்ணிக்கையில் ராஜாவும் ஒரு காய்தான். ஆகவே இடவழி கட்டாயம். அதோடு, a7-இல் கறுப்பு இருந்து c7 காலியாக இருந்தால், b7-க்கு வந்த காயை அது உடனே பக்கவாட்டில் வெட்டிவிடும். நல்ல ஆட்டக்காரர் இந்த மூன்றையும் தூண்டிலாகவே வைப்பார்.

இரு வழியிலும் எண்ணிக்கை சமமென்றால் மட்டுமே தேர்வு உங்களுடையது. அப்போது நான் தயங்காமல் ராஜாவை எடுப்பேன்.